மெய்மை அட்டவணை: மெய்மம், முரண்பாடு, நிச்சயமின்மை

தொலைக்காட்சி விவாதத்திலும் அலுவலகக் கூட்டத்திலும் “நீங்கள் சொல்வது முன்னுக்குப்பின் முரண்” என்ற வாக்கியம் தாராளமாகப் புழங்குகிறது. பெரும்பாலும் அதைச் சொல்பவர் கருதுவது, எதிராளி சொன்னது தவறு என்பதை மட்டுமே. அதேபோல், யாரும் மறுக்காத ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு “இது எந்தச் சூழலிலும் உண்மைதான்” என்று முடித்துவிடுகிறோம். தருக்கவியலில் இவ்விரண்டும் வேறு பொருள் உடையவை. ஒரு கூற்று இன்றைக்குப் பொய்யாக இருப்பது வேறு, அது ஒருபோதும் மெய்யாகவே முடியாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஊகத்துக்கு விடாமல், காகிதத்தில் கட்டம் போட்டுச் சரிபார்க்கும் வழியே மெய்மை அட்டவணை.

கணிதம் தெரிந்தவர்களுக்கு மட்டுமான கருவி அல்ல இது. கூட்டல்கூட வராது. வேண்டியது பொறுமையும், அடைப்புக்குறிகளை மதிக்கும் பழக்கமும்தான்.

## கூற்றும் கூட்டுக் கூற்றும்

மெய் அல்லது பொய் என்று இரண்டில் ஒன்றாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய வாக்கியம் கூற்று எனப்படும். “தண்ணீர் லாரி வந்தது” என்பது கூற்று. “லாரி எப்போது வரும்?” என்ற கேள்வியும் “மோட்டாரைப் போடு” என்ற ஏவலும் கூற்றுகள் ஆகா, ஏனெனில் அவற்றைப் பொய் என்று யாரும் மறுக்க முடியாது.

கோடைக் காலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதற்கும் இந்த ஒரே உதாரணம் போதும். இரண்டு கூற்றுகளுக்கு எழுத்துகளை இட்டுக்கொள்கிறோம்: “லாரி வந்தது” என்பது p, “தொட்டி நிறைந்தது” என்பது q. மெய் என்பதை T என்றும் பொய் என்பதை F என்றும் குறிப்போம்.

கூற்றுகளை இணைத்தோ மறுத்தோ உருவாக்குவது கூட்டுக் கூற்று. அதற்கு நான்கு இணைப்பிகள் நமக்குப் போதும். ¬p என்பது மறுப்பு: லாரி வரவில்லை. p ∧ q என்பது இரண்டும் மெய்யானால் மட்டுமே மெய். p ∨ q என்பது இரண்டில் ஒன்றாவது மெய்யானால் மெய், இரண்டும் மெய்யானாலும் மெய்யே. தேநீர்க் கடையில் “டீயா அல்லது காபியா” என்று கேட்கும்போது நாம் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்றாலும், தருக்கவியலின் “அல்லது” இரண்டையும் அனுமதிக்கும். p → q என்பது நிபந்தனை: லாரி வந்தால் தொட்டி நிறையும்.

பேச்சுத் தமிழின் “ஆனால்” பற்றி ஒரு சொல். “லாரி வந்தது, ஆனால் தொட்டி நிறையவில்லை” என்பதில் ஏமாற்றம் தொனிக்கிறது. அட்டவணைக்கு அந்த ஏமாற்றம் தெரியாது. அதைப் பொறுத்தவரை அது வெறும் p ∧ ¬q தான்.

## நிபந்தனையின் நான்கு வரிசைகள்

மற்ற மூன்று இணைப்பிகளில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றமெல்லாம் → குறியில்தான். அதனால் அங்கே சற்று நிற்கலாம்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதுகிறார்: “லாரி வந்தால் தொட்டி நிறையும்.” எந்த நாளில் அவர் சொன்னது பொய்யாகும்? நடக்கக்கூடியவை நான்கு. லாரி வந்து தொட்டியும் நிறைந்தால் அவர் சொன்னது சரி. லாரி வந்தும் தொட்டி நிறையாவிட்டால் அவர் சொன்னது பொய். லாரி வராமலேயே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் தொட்டி நிறைந்தால்? லாரி வராத நாளைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை, ஆகவே அவர் வாக்குப் பொய்க்கவில்லை. லாரியும் வரவில்லை, தொட்டியும் நிறையவில்லை என்றால் அப்போதும் அவரைக் குறைகூற முடியாது.

```
p  q | p → q
T  T |   T
T  F |   F
F  T |   T
F  F |   T
```

கடைசி இரண்டு வரிசைகளில் T இருப்பது பலருக்கு உறுத்தும். “லாரியே வராதபோது அந்த வாக்கு எப்படி மெய்யாகும்?” என்று கேட்பார்கள். இங்கே கூற்றுக்கு மெய், பொய் என்ற இரண்டு இருக்கைகள் மட்டுமே உண்டு, “பொருந்தாது” என்று மூன்றாவது இருக்கை கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பொய் என்று நிரூபிக்க இடமில்லாத வாக்கு மெய்யின் பக்கம் உட்காருகிறது. லாரி வந்ததுதான் தொட்டி நிறையக் காரணம் என்றும் → குறி சொல்வதில்லை. அது விலக்குவது ஒரே ஒரு நிலையை: இடப்பக்கம் மெய், வலப்பக்கம் பொய்.

சுருக்கமாக, ∧ பெரும்பாலும் F தரும், ∨ பெரும்பாலும் T தரும், → ஒரே ஒரு வரிசையில் மட்டும் F தரும். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த அட்டவணையையும் கட்டலாம்.

## அட்டவணையைக் கட்டுதல்

செயலாளரின் அறிவிப்பைப் படித்த ஒருவர் இப்படி வாதிடுகிறார்: “லாரி வந்தால் தொட்டி நிறையும் என்கிறீர்கள். தொட்டி நிறையவில்லை. ஆகவே லாரி வரவில்லை.” இந்த வாதம் முழுவதையும் ஒரே கூட்டுக் கூற்றாக எழுதலாம்: ((p → q) ∧ ¬q) → ¬p. முன்வைத்த இரண்டு செய்திகள் ∧ குறியால் இணைந்து இடப்பக்கம் நிற்கின்றன, முடிவு வலப்பக்கம் நிற்கிறது.

முதல் வேலை, வரிசைகளின் எண்ணிக்கையை அறிவது. ஒரு எழுத்துக்கு 2, இரண்டு எழுத்துகளுக்கு 4, மூன்றுக்கு 8 என்று ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பாகும். அடுத்து, முதல் நிரலில் மேல்பாதி T, கீழ்பாதி F என எழுதுகிறோம். அடுத்த நிரலில் அந்தத் தொகுதிகள் ஒவ்வொன்றையும் பாதியாக்குகிறோம். கடைசி எழுத்தின் நிரலில் T, F என ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி வரும். இந்த ஒழுங்கில் எழுதினால் எந்த நிலையும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது.

பிறகு உள்ளே இருக்கும் அடைப்புக்குறியில் தொடங்கி வெளியே வருகிறோம். ஒவ்வொரு சிறு துண்டுக்கும் ஒரு நிரல். கடைசியாகச் செயல்படும் இணைப்பியை முதன்மை இணைப்பி என்கிறோம். இங்கே அது வலப்பக்கத்தில் ¬p-க்கு முன்னால் உள்ள →.

```
p  q | p→q | ¬q | (p→q)∧¬q | ¬p | முழுவதும்
T  T |  T  | F  |    F     | F  |    T
T  F |  F  | T  |    F     | F  |    T
F  T |  T  | F  |    F     | T  |    T
F  F |  T  | T  |    T     | T  |    T
```

நான்காம் வரிசையை மட்டும் உடன் நடந்து பார்ப்போம். p பொய், q பொய். ஆகவே p → q மெய். q பொய் என்பதால் ¬q மெய். இரண்டும் மெய்யாதலால் ∧ நிரலில் T. p பொய் என்பதால் ¬p மெய். இடமும் மெய், வலமும் மெய், ஆகவே முழுவதும் T. மற்ற மூன்று வரிசைகளில் இடப்பக்கம் F ஆகிவிடுவதால், வலப்பக்கத்தைப் பார்க்காமலேயே T என்று எழுதலாம்.

## கடைசி நிரல் சொல்லும் தீர்ப்பு

கடைசி நிரல் முழுவதும் T ஆக இருந்தால் அந்தக் கூட்டுக் கூற்று மெய்மம். முழுவதும் F ஆக இருந்தால் முரண்பாடு. இரண்டும் கலந்து வந்தால், அதாவது ஒரு T-யும் ஒரு F-உம் இருந்தாலே, அது நிச்சயமின்மை. மேலே கட்டியது மெய்மம். லாரி வந்ததா, தொட்டி நிறைந்ததா என்று மாடிக்கு ஏறிப் பார்க்காமலேயே அந்த வாதம் பிழையற்றது என்று சொல்லிவிடலாம்.

இதில் அடங்கியுள்ள ஒரு செய்தியைப் பலர் தவறவிடுகிறார்கள். மெய்மம் என்பது வெறும் “உண்மை” அன்று. “சென்னை தமிழ்நாட்டின் தலைநகர்” என்பது உண்மை. ஆனால் அதை அட்டவணையில் இட்டால் அது ஒற்றை p தான், அதற்கு T, F என இரண்டு வரிசைகள். ஆகவே அது நிச்சயமின்மை. அந்தச் செய்தியை உண்மையாக்குவது உலகம், கூற்றின் அமைப்பு அன்று. மாறாக, “இன்று லாரி வரும் அல்லது வராது” என்பது p ∨ ¬p, அதாவது மெய்மம். செயலாளர் பலகையில் இப்படி எழுதினால் யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அதே வேளையில் அதைப் படித்துவிட்டு யாரும் குடம் எடுத்துக்கொண்டு இறங்கவும் மாட்டார்கள். எந்த நிலையையும் விலக்காத கூற்று எந்தச் செய்தியையும் தருவதில்லை.

மெய்மத்துக்கு மறுப்புக் குறி இட்டால் எல்லா T-யும் F ஆகி, முரண்பாடு கிடைக்கும். நிச்சயமின்மைக்கு மறுப்பு இட்டால் இன்னொரு நிச்சயமின்மைதான் கிடைக்கும்.

மெய்மம் என்ற கருத்தை இந்தப் பொருளில் நிலைநிறுத்தியவர் மெய்யியலாளர் லூத்விக் விட்கென்ஸ்டைன். 1921-இல் வெளியான அவருடைய நூலிலும், அதே ஆண்டில் அவரைச் சாராமல் கணிதவியலாளர் எமில் போஸ்ட் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலும் இந்த அட்டவணை முறை முழு வடிவம் பெற்றது.

## ஒரே ஒரு F

இப்போது இன்னொருவர் சொல்கிறார்: “லாரி வந்தால் தொட்டி நிறையும். தொட்டி நிறைந்திருக்கிறது. ஆகவே லாரி வந்திருக்கிறது.” கேட்பதற்கு முந்தைய வாதத்தைப் போலவே இருக்கிறது. கட்டிப் பார்ப்போம்.

```
p  q | p→q | (p→q)∧q | ((p→q)∧q) → p
T  T |  T  |    T    |       T
T  F |  F  |    F    |       T
F  T |  T  |    T    |       F
F  F |  T  |    F    |       T
```

மூன்று T, ஒரு F. “பெரும்பாலும் மெய்தானே” என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஒரு F வந்தாலே மெய்மம் என்ற தகுதி போய்விடுகிறது. இது நிச்சயமின்மை.

அந்த F எந்த வரிசையில் விழுந்தது என்பதைக் கவனித்தால், அட்டவணை வெறும் தீர்ப்போடு நிற்பதில்லை, காரணத்தையும் காட்டுகிறது என்பது விளங்கும். p பொய், q மெய்: லாரி வரவில்லை, தொட்டி நிறைந்திருக்கிறது. அதாவது ஆழ்துளைக் கிணறு. வாதத்தை முறியடிக்கும் எதிர்ச்சான்று அந்த வரிசையிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு இயல்பாக நேர்கிறது? “லாரி வந்தால் தொட்டி நிறையும்” என்பதை நம் காது “லாரி வந்தால்தான் தொட்டி நிறையும்” என்று கேட்டுவிடுகிறது. அந்தத் “தான்” அம்பைத் திருப்பிவிடும். முன்னது p → q, பின்னது q → p, அதாவது தொட்டி நிறைந்திருந்தால் லாரி வந்திருக்க வேண்டும். பலகையில் உண்மையிலேயே “வந்தால்தான்” என்று எழுதியிருந்தால் இவர் வாதம் ((q → p) ∧ q) → p என்று மாறி மெய்மமாகிவிடும். ஆகவே அட்டவணை போடுவதற்கு முன், சொல்லப்பட்டது எது, நாம் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதே பாதி வேலை. என் கருத்தில் அதுதான் கடினமான பாதி, கட்டங்களை நிரப்புவதைப் பழகியவர் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்.

இதுவரை பார்த்தவற்றின் சாரம்: வாதத்தைக் கூட்டுக் கூற்றாக எழுதுகிறோம், மெய்மம் வந்தால் வாதம் ஏற்கத்தக்கது, F வந்தால் அந்த வரிசையே அது எங்கே தோற்கிறது என்பதைக் காட்டுகிறது.

## முரண்பாடும், முரண்பாடு போலத் தோன்றுவதும்

செயலாளரின் வாக்கு p → q. குடியிருப்பவரின் புகார் p ∧ ¬q. இரண்டும் ஒருசேர மெய்யாக முடியுமா? (p → q) ∧ (p ∧ ¬q) என்பதற்கு அட்டவணை போட்டால், முதல் துண்டுக்கு T, F, T, T என்றும் இரண்டாம் துண்டுக்கு F, T, F, F என்றும் வரும். ஒன்று T ஆகும் இடத்திலெல்லாம் மற்றது F. ∧ நிரல் முழுவதும் F. இது அசல் முரண்பாடு. இருவரில் ஒருவர் சொல்வது கட்டாயம் பொய், அது யார் என்பதை மட்டும் அட்டவணை சொல்லாது.

இனிமேல்தான் சுவையான இடம். அடுத்த பிரிவின் பொறுப்பாளர் தம் பலகையில் அதே தொட்டியைப் பற்றி, “லாரி வந்தால் தொட்டி நிறையாது” என்று எழுதிவிட்டார். இரண்டு பலகைகளும் முரண்படுகின்றன என்று அனைவரும் சொல்வார்கள். p → q உடன் p → ¬q சேர்கிறது.

```
p  q | p→q | p→¬q | (p→q)∧(p→¬q)
T  T |  T  |  F   |      F
T  F |  F  |  T   |      F
F  T |  T  |  T   |      T
F  F |  T  |  T   |      T
```

கடைசி நிரலில் இரண்டு T இருக்கின்றன. இது முரண்பாடு அன்று, நிச்சயமின்மை. லாரி வராத நாளில் இரண்டு பலகைகளுமே பொய்யாவதில்லை. கடைசி நிரல் F, F, T, T என்பது ¬p-இன் நிரலேதான். அப்படியானால் இரண்டு பலகைகளும் சேர்ந்து சொல்வது ஒன்றே: லாரி வரவில்லை. சண்டை என்று நினைத்தது செய்தியாக மாறிவிட்டது. லாரி வந்து நின்றுவிட்டால்தான், அதாவது p என்பதையும் ∧ குறியோடு சேர்த்தால்தான், எல்லா வரிசைகளும் F ஆகி முரண்பாடு பிறக்கும்.

கண்ணுக்கு எதிரெதிராகத் தோன்றும் கூற்றுகளை முரண்பாடு என்று அறிவிப்பதற்கு முன், இரண்டும் மெய்யாகும் ஒரே ஒரு வரிசையாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்று கிடைத்தாலும் முரண்பாடு இல்லை.

## கை நழுவும் இடங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்களின் தவறுகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கின்றன. ஒன்று, மறுப்பின் எல்லை. ¬(p ∧ q) என்பது “லாரியும் வந்து தொட்டியும் நிறைந்தது என்பது இல்லை” என்கிறது. அதன் நிரல் F, T, T, T. அடைப்புக்குறியை விட்டுவிட்டு ¬p ∧ q என்று எழுதினால், “லாரி வரவில்லை, தொட்டி நிறைந்தது” என்றாகி நிரல் F, F, T, F ஆகிவிடும். ¬ குறி தனக்கு அடுத்து நிற்பதை மட்டுமே பிடிக்கும். முழுவதையும் மறுக்க வேண்டுமானால் அடைப்புக்குறி கட்டாயம்.

மற்றொன்று, முதன்மை இணைப்பியின் நிரலை விட்டு உள்நிரல் ஒன்றைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது. முதல் வாதத்துக்குக் கட்டிய அட்டவணையில் (p→q)∧¬q நிரல் F, F, F, T என்று இருப்பதைக் கண்டு “நிச்சயமின்மை” என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தத் துண்டு நிச்சயமின்மைதான், ஆனால் கேட்கப்பட்டது முழுக்கூற்று.

வரிசைகள் பெருகும்போது ஒரு குறுக்குவழி கைகொடுக்கும். முதன்மை இணைப்பி → ஆக இருந்தால், அட்டவணை முழுவதையும் கட்ட வேண்டாம். வலப்பக்கத்தை F ஆக்கி, இடப்பக்கத்தை T ஆக்க முடியுமா என்று மட்டும் முயலலாம். முடிந்தால் அந்த வரிசையே F. எந்த வழியிலும் முடியாவிட்டால் மெய்மம்.

## அட்டவணை எட்டாத இடம்

10 எழுத்துகள் கொண்ட கூற்றுக்கு 1,024 வரிசைகள், 20 எழுத்துகளுக்கு 10,48,576 வரிசைகள். முறை தவறாது, ஆனால் காகிதம் தாங்காது. கணினிக்குக்கூட எழுத்துகள் பெருகினால் இது கனமான வேலை. எல்லாக் கூற்றுகளுக்கும் விரைவாகத் தீர்ப்புத் தரும் குறுக்குவழி எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை.

அளவைவிட ஆழமான எல்லை ஒன்றும் உண்டு. “எல்லா மனிதரும் இறப்பவர். சாக்ரடீஸ் மனிதர். ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர்” என்ற பழைய வாதத்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணைக்கு இவை மூன்று வெவ்வேறு கூற்றுகள்: p, q, r. வாதம் (p ∧ q) → r ஆகிறது. p, q இரண்டும் T, r மட்டும் F என்ற வரிசையில் F வருகிறது. தீர்ப்பு, நிச்சயமின்மை. ஆனால் வாதத்தில் குறையில்லை என்பது நமக்குத் தெரியும். அதன் பலம் “எல்லா” என்ற சொல்லிலும், “மனிதர்” என்பது இரண்டு வாக்கியங்களிலும் வருவதிலும் இருக்கிறது. கூற்றின் வயிற்றுக்குள் இருக்கும் இவற்றை p என்ற ஒற்றை எழுத்து மூடிவிடுகிறது. ஆகவே அட்டவணை மெய்மம் என்று சொன்னால் அதை அப்படியே நம்பலாம். நிச்சயமின்மை என்று சொன்னால், வாதம் உண்மையிலேயே தோற்றதா அல்லது நாம் எழுத்துகளாகச் சுருக்கியபோது தொலைந்துபோன ஒன்றில் அதன் உயிர் இருந்ததா என்று வாக்கியங்களைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும். “எல்லா”, “சில” போன்ற சொற்களைக் கையாள்வது பயனிலைத் தருக்கம் என்னும் அடுத்த படியின் வேலை.